நாலாம் வகுப்புப் படிப்போடு தவணைத் துணி வியாபாரம்: எனக்கு யாரும் சொல்லித் தராதது

இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எண்களை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் பார்ப்பேன். அதற்கு மேல் நீளமாக எழுதவோ கணக்கு நோட்டு வைக்கவோ எனக்கு வராது. பல்லடம் பக்கம் வீடு வீடாகப் போய் நைட்டி, சேலை, உள்பாவாடை, லுங்கி எல்லாம் தவணைக்கு விற்றுத்தான் குடும்பத்தை நடத்துகிறேன். படிப்பு குறைவு, ஆனால் ஞாபக சக்தி உண்டு, உடம்பில் தெம்பு உண்டு, நாலு பேரிடம் பேசத் தெரியும் என்கிறவர்கள் என்ன தொழில் செய்யலாம் என்று கேட்டால், "துணி எடுத்து வீட்டுல வெச்சு வில்லுங்க" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த யோசனையில் தப்பில்லை. ஆனால் விற்பது எப்படி என்பதை மட்டும்தான் ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர, விற்ற காசு எப்படித் திரும்பி வரும், வராமல் எப்படிப் போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. 2020-இல் எனக்கு 47,000 ரூபாய் தெருவிலேயே போயிற்று. அந்தச் சமயத்தில் நான் பட்ட பாட்டை இன்னொருத்தி படக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தறியில் கை அடிபட்ட பிறகுதான் நான் தொழிலைத் தேட ஆரம்பித்தேன். அதுவரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பீஸை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துப் பிரித்துப் போடும் வேலை அது. அதனால் துணி பற்றிக் கைக்கும் கண்ணுக்கும் ஓரளவு தெரியும். கீரை விற்கலாமா என்று முதலில் யோசித்தேன். விடியற்காலை தோட்டத்தில் கட்டுக் கணக்கில் வாங்கி, ஒன்பது மணிக்குள் தெருவில் கொடுத்துவிட வேண்டும். மீந்தது வாடிவிடும், ஆனால் அன்றைய காசு அன்றே கையில். பூவும் அப்படித்தான், முகூர்த்த நாளில் விலை எகிறும், மற்ற நாளில் இறங்கும், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை எத்தனை முழம் என்று மனதில் இருந்தால் போதும். கொடுத்த பாக்கியைத் திரும்பக் கேட்க யாருக்காவது நாக்கு எழாது என்றால் அவர்கள் கீரைக்கும் பூவுக்கும் போவதே நல்லது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். தவணை வியாபாரத்தில் பாதி வேலை கேட்பதுதான். கேட்கக் கூச்சப்படுகிறவர்களை இந்தத் தொழில் தின்றுவிடும். எனக்குத் துணி தெரியும், கேட்கவும் வரும் என்பதால் இதை எடுத்தேன்.

சரக்கு எடுக்க நான் போவது ஈரோடு. அங்கே பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை ராத்திரி ஆரம்பித்துச் செவ்வாய்க்கிழமை நடக்கும். நைட்டி, லுங்கி, துண்டு, உள்பாவாடை எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலைகளும் அங்கே வரும். குழந்தைகளுக்கான பனியன் துணி வேண்டும் என்றால் திருப்பூர் காதர்பேட்டை எனக்கு இன்னும் பக்கம். முதல் தடவை ஈரோடு போனபோது பயமாக இருந்தது. எல்லாரும் கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள், நான் வெறும் பையோடு நிற்கிறேன். ஒரு கடைப் பெரியவர் என்னைப் பார்த்து, "அம்மணி, மொதல்ல ரொக்கத்துக்கு எடுங்க. கடன் சரக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதன் அருமை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதற்கு எழுத்து வேண்டாம், கை போதும். நைட்டிக் கட்டில் மேலே இருக்கும் ரெண்டு மூன்று நன்றாக இருக்கும், நடுவில் சாயம் மங்கியதும் தையல் விட்டதும் கிடக்கும். அதனால் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெய்தது நெருக்கமா, வலை மாதிரியா என்று தெரிந்துவிடும். அக்குளில் தையலை ரெண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள், நூல் பல்லிளித்தால் வேண்டாம். சிவப்பும் கருநீலமும் சாயம் போகும். வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து உள்பக்கம் அழுத்தித் தேய்த்தால் அங்கேயே தெரியும். எக்ஸ்எல் என்று சீட்டு ஒட்டியிருப்பதை நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த அளவு நைட்டி ஒன்றைப் பையில் கொண்டுபோய் அதன் மேல் வைத்துப் பாருங்கள். பருத்தி நைட்டி முதல் அலசலில் சுருங்கும் என்பதால் ஒரு சைஸ் பெரியதாக எடுப்பதே நல்லது. சேலையில் மலிவு விலைக்கு நீளத்தில் கை வைப்பார்கள். சேலை ஐந்தரை மீட்டர், ஜாக்கெட் துணியோடு சேர்த்து 6.3 மீட்டர் போல இருக்க வேண்டும், அதாவது பதினாலு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் முன்னாலேயே முழம் போட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைஸ் மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டு, பில்லில் கடை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையை நம்பி டேமேஜ் பீஸைத் திரும்பக் கொண்டுபோன ஒரு கடையில், "இது எங்க சரக்கே இல்ல" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது எனக்குப் பழகிய ஒரு லாட்டின் கணக்கைச் சொல்கிறேன். கையில் 10,000 ரூபாய் என்று வையுங்கள். நைட்டி 30, ஒன்று 160 ரூபாய் வீதம் 4,800. சேலை 8, ஒன்று 280 வீதம் 2,240. உள்பாவாடை 20, ஒன்று 85 வீதம் 1,700. லுங்கி 10, ஒன்று 110 வீதம் 1,100. மொத்தம் 9,840. நைட்டியை 280-க்கும், சேலையை 450-க்கும், உள்பாவாடையை 130-க்கும், லுங்கியை 170-க்கும் கொடுத்தால் எல்லாம் விற்று எல்லாம் வசூலானால் 16,300 வரும். 6,460 லாபம் மாதிரித் தெரியும். ஆனால் பஸ், மூட்டைக் கூலி, சந்தையில் சாப்பாடு என்று 400 போகும். சைஸ் பொருந்தாமல் அடக்க விலைக்கே தள்ளியது, சாயம் போய்த் திரும்பி வந்தது என்று 600. எவ்வளவு கவனமாக இருந்தாலும் 1,000 ரூபாய் போல வசூல் வராது. அதையெல்லாம் கழித்தால் 4,500 ரூபாய் போல நிற்கும். ஒரு லாட் முழுசாகக் காசாக எனக்கு ஒரு மாதம் ஆகும். முதல் கூடக்கூட மாதத்துக்கு ரெண்டு லாட் ஓட்டலாம். இந்த 4,500-ஐ மனதில் வைக்காமல் 6,460-ஐ லாபம் என்று வீட்டுச் செலவுக்கு எடுத்தால், அடுத்த தடவை சந்தைக்குப் போகும்போது கையில் முதல் குறைந்திருக்கும். அந்தக் குறைக்குத்தான் கடன் வாங்கத் தோன்றும்.

ஞாபகம் இந்தத் தொழிலில் எங்கே உதவும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் எங்களைப் போன்றவர்களின் பலம். நான் எப்போதும் ஒரே வழியில்தான் நடப்பேன். முதலில் தண்ணீர்த் தொட்டி வீதி, அப்புறம் மில் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு, கடைசியில் கோயில் வீதி. வீட்டின் வரிசையே என் கணக்கு வரிசை. மஞ்சள் கேட் வீட்டு அக்கா வாங்கியது பச்சைப் பூப்போட்ட நைட்டி, பாக்கி 120. அடுத்த வீட்டில் மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, மருமகளுடையது முடிந்துவிட்டது. இப்படித் துணியின் நிறத்தையும் வீட்டையும் சேர்த்து வைத்தால் மறக்காது, வழி மாற்றி நடந்தால் குழம்பும். வியாபாரத்துக்கும் அதே ஞாபகம்தான். போன தடவை கழுத்து இறக்கம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தவருக்கு மூடிய கழுத்தாக நாலு எடுத்து வந்து, "உங்களுக்குன்னே பாத்து எடுத்தேன்க்கா" என்று சொன்னால் அவர் வேறு யாரிடமும் வாங்க மாட்டார். யார் வீட்டில் சீர், யார் மகள் பெரிய பெண்ணானாள், யார் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்பதெல்லாம் தெரிந்திருந்தால் எந்தத் துணி தேங்காமல் விற்கும் என்றும் தெரியும். பெரிய கடைக்காரர்களிடம் இது கிடையாது.

ஆனால் நினைவு எனக்குள் இருக்கும் பொருள். அடுத்தவர் இல்லை என்று சொன்னால் அதை வெளியே எடுத்துக் காட்ட முடியாது. இதைத்தான் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

2019 தீபாவளிக்கு முன்னால் வியாபாரம் நன்றாக ஓடியது. மில் லைன் வீடுகளில் தேனி, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் நிறைய. அவர்களுக்கு என் சேலை பிடித்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க என் முதல் போதவில்லை. ஈரோட்டுக் கடையில் இப்போது கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள், பழக்கமாகிவிட்டது அல்லவா. அங்கே 35,000 நின்றது. அதோடு நாள் வசூல்காரரிடம், சில ஊர்களில் தண்டல் என்பார்கள், 20,000 எடுத்தேன். தெருவில் இருந்த என் பாக்கி கூடிக்கொண்டே போய், 2020 மார்ச்சில் 62,000 ரூபாய் ஆகியிருந்தது. அந்தத் தொகையை ராத்திரி படுத்துக்கொண்டு மனதில் வீடு வீடாகக் கூட்டிப் பார்ப்பேன். அப்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு பேர் என்னிடம் வாங்குகிறார்கள், எனக்கு இவ்வளவு வர வேண்டியிருக்கிறது என்ற சந்தோஷம்.

மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மில் நின்றது, கம்பெனி நின்றது, சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. நான் தெருவுக்கே போக முடியவில்லை. போக முடிந்த நாளில் போய்ப் பார்த்தால் லைன் வீட்டில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. கிடைத்த வண்டியில் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் என்னை ஏமாற்றிவிட்டுப் போனதாக நான் நினைக்கவில்லை, அவர்களிடமும் இல்லை. ஆனால் எனக்குக் கடன் கொடுத்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். மாதக்கணக்கில் நான் சரியாகத் தூங்கவில்லை. போன் அடித்தால் வயிறு கலங்கும். என் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் நாள் வசூலை முடித்தேன்.

அதைவிட வலித்தது வேறு. மில் திறந்து ஆட்கள் திரும்பி வந்த பிறகு வசூலுக்குப் போனேன். சிலர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிலர், "அக்கா, நான்தான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேனே" என்றார்கள். ஒரு வீட்டில் நான் 350 பாக்கி என்றேன், அந்தப் பெண் 100தான் என்றாள். அவள் பொய் சொன்னாளா, அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் ஞாபகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த லைன் வீடுகளை நடத்துகிறவர் வந்து நின்று, "ஏம்மா, ஏதாவது எழுதி வெச்சிருக்கியா? படிப்பறிவு இல்லாம வாயில கணக்கு சொன்னா யாரு நம்புவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு ஒவ்வொரு பைசாவும் ஞாபகம் இருந்தது. எந்த வாரம், என்ன கிழமை, அவள் எந்தப் பையிலிருந்து காசு எடுத்தாள் என்பது வரை. ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். 62,000-இல் வந்து சேர்ந்தது 15,000. மீதி 47,000 போனது போனதுதான். அதில் என் லாபம் கொஞ்சம் இருந்தாலும் பெரும்பகுதி கடைக்கு நான் கொடுக்க வேண்டிய பணம். அதை அடைக்க மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போனேன். ரெண்டு வருஷம் ஆயிற்று.

மறுபடி மூட்டையைத் தூக்கியபோது முதலில் அட்டை ஏற்பாடு செய்தேன். எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். அச்சகத்தில் சின்ன அட்டை அடித்துக்கொண்டேன். மேலே பெயருக்கு ஒரு கோடு, துணிக்கும் விலைக்கும் முதல் பணத்துக்கும் ஒரு வரி, கீழே வாரத்துக்கு ஒரு கட்டம். ஒரு துணிக்கு ரெண்டு அட்டை, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. எண் மட்டும் நான் போடுவேன், பெயரை வாங்குகிறவர்களையே எழுதச் சொல்வேன். அவர்கள் கையெழுத்தில் இருந்தால் அது எனக்கு இன்னும் நல்லது. காசு வாங்கும்போது ரெண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து, நடுக்கோட்டில் ஒரு ரப்பர் முத்திரை குத்துவேன். பாதி முத்திரை அவர்கள் அட்டையில், பாதி என் அட்டையில் விழும். ஒருவர் அட்டையில் மட்டும் யாரும் கூடுதலாகக் குத்திக்கொள்ள முடியாது, ரெண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்த வேண்டும். இதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கே ஆச்சரியம், வாங்குகிறவர்களுக்கு இதில்தான் நிம்மதி. "நீங்க மறந்துட்டு மறுபடி கேப்பீங்களோன்னு எங்களுக்கும் பயமா இருக்கும்க்கா" என்று ஒரு பெண் சொன்னாள்.

அட்டைக்கு மேல் இன்னொரு வேலையும் செய்கிறேன். காசு வாங்கியவுடன் அவர்கள் முன்னாலேயே போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தி, "மஞ்ச கேட் வீட்டு அக்கா இன்னைக்கு அறுபது ரூவா குடுத்தாங்க, பாக்கி அறுபது" என்று பேசி என் மகளுக்கு அனுப்புவேன். தேதியும் நேரமும் அதிலேயே விழுந்துவிடும். ராத்திரி அவள் அதைக் கேட்டு நோட்டில் ஏற்றிவிடுவாள். எழுத ஆள் இல்லாதவர்களுக்கும் அந்தக் குரல் இருந்தாலே போதும், சந்தேகம் வந்தால் போட்டுக் கேட்கலாம். போனில் காசு அனுப்புகிறேன் என்கிறவர்களிடம் அவர்கள் காட்டும் படத்தைப் பார்த்து முத்திரை குத்தாதீர்கள், உங்கள் போனில் பணம் வந்த செய்தி வந்த பிறகுதான் குத்த வேண்டும்.

ரெண்டாவதாக மாற்றியது, துணி கொடுக்கும்போதே வாங்கும் முதல் பணம். முன்பு 300 ரூபாய் நைட்டிக்கு முதலில் 50, பிறகு வாரம் 50 என்று ஐந்து வாரம் வாங்குவேன். இப்போது விலையை 280 ஆகக் குறைத்து, முதலில் 100, பிறகு வாரம் 60 என்று மூன்று வாரம். கேட்டால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். லைன் வீட்டில் 20 நைட்டி விற்றதாக வைத்துப் பாருங்கள். அடக்கம் 3,200. பழைய முறையில் அன்றைக்குக் கைக்கு வருவது 1,000, என் சொந்தக் காசு 2,200 தெருவில் நிற்கும். ஒரு வாரம் கழித்தும் 1,200 வெளியில்தான், மூன்றாவது வாரம்தான் என் முதல் திரும்பும். புது முறையில் அன்றைக்கே 2,000 வந்துவிடும், அடுத்த வாரம் 1,200 வந்தால் 3,200-ம் என் கையில். அதற்குப் பிறகு யாராவது தராமல் போனால் போவது என் லாபம், முதல் இல்லை. 100 ரூபாய் முதலில் தர முடியாதவர்கள் வாங்காமல் போவார்கள், அது உண்மை. விற்பனை கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த 100-ஐத் தர முடியாதவர்களிடம்தான் முன்பு என் பாக்கி அதிகம் நின்றது என்பதை என் ஞாபகத்தில் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. யாருக்கும் ஒரு நேரத்தில் ஒரு அட்டைக்கு மேல் கிடையாது, அது முடிந்தால்தான் அடுத்தது. மொத்தமாகத் தெருவில் என் பாக்கி 12,000-க்கு மேல் போனால் அந்த வாரம் புதிதாகக் கொடுக்க மாட்டேன், ரொக்கத்துக்கு மட்டும்தான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் என் பழக்கமும் மாறியது. நன்றாகச் சிரித்துப் பேசுகிறவர்களைவிட, குழந்தை பக்கத்துப் பள்ளியில் படிக்கிறதா, வீட்டில் கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். அவர்கள் சட்டென்று ஊரைவிட்டுப் போக மாட்டார்கள். ரெண்டு வாரம் தவணை தராமல் மூன்றாவது வாரம் விலை கூடின சேலை கேட்கிறவர்களிடம் ஜாக்கிரதை, கிளம்பப் போகிறவர்கள் பலர் கடைசியில் அப்படித்தான் கேட்டார்கள். தீபாவளி, பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் வெளியூர் ஆட்களுக்குத் தவணையே வேண்டாம். அந்த நேரத்தில் போனஸ் கையில் இருக்கும், ரொக்கத்துக்கே வாங்குவார்கள். ஊருக்குப் போனவர்களில் சிலர் வேறு மில்லில் சேர்ந்துவிடுவார்கள், தேடிப் பிடிக்க முடியாது.

வசூலுக்குக் கிழமையும் நேரமும் முக்கியம். எங்கள் பக்கம் வாரச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்துக்குள் போனால் காசு வீட்டில் இருக்கும், அதற்குப் பிறகு கறிக்கடைக்கும் சந்தைக்கும் டாஸ்மாக்குக்கும் போய்விடும். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஏழாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள். கேட்கும்போது ஆண்கள் முன்னாலோ பக்கத்து வீட்டார் முன்னாலோ கேட்காதீர்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கின சேலையாக இருக்கலாம், அதனால் அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்த வீடு எனக்குத் தெரியும். இல்லை என்றால் "சரிங்க்கா, எப்ப வரட்டும், நீங்களே ஒரு நாள் சொல்லுங்க" என்று கேட்டு, அந்த நாளில் தவறாமல் போய் நிற்க வேண்டும். நாளை அவர்களே சொன்னதால் கோபம் வராது. நாம் அந்த நாளில் போகாவிட்டால் இவள் கேட்க மாட்டாள் என்று ஆகிவிடும்.

கடைசியாகக் கடன் விஷயம். நாள் வசூலில் 20,000 என்று எழுதி என் கையில் 18,000 கொடுத்தார்கள், தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 2,000தானே என்று தோன்றும். ஆனால் ஐம்பதாவது நாளிலேயே பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். சராசரியாகப் பார்த்தால் 9,000 ரூபாய் போலத்தான் நம்மிடம் இருக்கும், அதற்கு 100 நாளில் 2,000. வருஷக் கணக்கில் 100 ரூபாய்க்கு 80 ரூபாய்க்கு மேல் வட்டி. அதைவிடக் கெடுதல், எனக்கு வசூல் வாரத்துக்கு ஒரு நாள், கட்ட வேண்டியது தினமும். நடுவில் உள்ள நாட்களுக்கு விற்ற காசையோ வீட்டுக் காசையோதான் எடுக்க வேண்டும். அதனால்தான் முதல் கரைந்தது. நகராட்சி எல்லைக்குள் தெருவில் விற்கிறவர்களுக்கு 2020-இல் பி.எம். ஸ்வநிதி என்று கடன் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் முதல் கடன் 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 20,000. வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, தலையில் சுமந்து விற்கிறவர்களுக்கும் உண்டு. நகராட்சி அலுவலகத்தில் தெருவோர வியாபாரி என்று பதிந்த அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்பார்கள், ஆதாரும் அதோடு இணைத்த போன் எண்ணும் வேண்டும். ஊராட்சிப் பக்கம் இருப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கியில் கேட்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், கட்ட வேண்டிய மாதத் தொகையையும் தேதியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேதியை மாதச் சம்பள வசூல் முடியும் பத்தாம் தேதிக்குப் பிறகு வைக்க முடியுமா என்று கேளுங்கள், என் குழுவில் கேட்டபோது பதினைந்தாம் தேதி வைத்துக் கொடுத்தார்கள்.